தார்ச்சாலை மறைக்கும் வெற்றிடம்

2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சென்னை அண்ணா சாலையில் சர்ச் பார்க் பள்ளி அருகே ஒரு மாநகரப் பேருந்தும் அதன் பக்கத்திலிருந்த காரும் திடீரென்று சாலைக்குள் இறங்கின. பதறிப்போன பயணிகள் முண்டியடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். உயிர் எதுவும் போகவில்லை. ஆனால் பேருந்து ஒன்று குழிக்குள் சாய்ந்து கிடக்கும் படம் அன்று மாலைக்குள் நாடெங்கும் போய்ச் சேர்ந்தது. அந்தச் சாலைக்கு அடியில்தான் மெட்ரோ ரயிலுக்கான சுரங்கம் தோண்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. மண் இளகலாக இருந்ததே காரணம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். குழியில் கான்கிரீட் கலவையைக் கொட்டி நிரப்பினார்கள்.

அன்று பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான். சாலை இறங்குகிறதா என்று யாருமே அளந்து பார்க்கவில்லையா? நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. தார்ப்பரப்பை மட்டும் அளந்திருந்தால், கீழே நடப்பது தெரிந்திருக்குமா?

சுரங்கம் தோண்டும்போது மேலே உள்ள தரை இரண்டு விதமாக நகரும். ஒன்று, மெதுவாக, மில்லிமீட்டர் கணக்கில், அகலமாகத் தாழ்வது. இதை முன்கூட்டியே கணக்கிடலாம். சாலையில் புள்ளி வைத்து அளக்கவும் முடியும். இன்னொன்று, ஆழத்தில் ஒரு வெற்றிடம் உண்டாகி, அது சத்தமில்லாமல் மேல்நோக்கி ஏறி, கடைசியில் தாரின் அடியில் வந்து நிற்பது. இது எந்தக் கணக்குக்குள்ளும் வராது. சாலையின் மேல் வைத்த புள்ளியும் கடைசி நிமிடம் வரை அசையாமலே இருக்கும். பேருந்துகளை விழுங்குவது இந்த இரண்டாவது வகைதான். ஆபத்து மதிப்பீடு என்ற பெயரில் தயாராகும் கோப்புகளில் முதல் வகைக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கும். இரண்டாவதுக்கு எத்தனை பக்கம் என்று பார்த்தாலே அந்தக் கோப்பின் தரம் தெரிந்துவிடும்.

முதல் வகையின் கணக்கு கடினமானதல்ல. நகர மெட்ரோக்களில் வழக்கமாகக் காணும் அளவில் ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். இயந்திரம் வெட்டும் வட்டத்தின் விட்டம் 6.6 மீட்டர். வட்டத்தின் மையம் சாலையிலிருந்து 14 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அப்படியானால் சுரங்கத்தின் உச்சிக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது 10.7 மீட்டர் மண்தான். அதாவது சுரங்க விட்டத்தில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ஆழம் குறைந்த சுரங்கம் என்று பொறியாளர்கள் சொல்வது இப்படிப்பட்டதைத்தான்.

வெட்டும் வட்டத்தின் பரப்பு சுமார் 34 சதுர மீட்டர். எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும், வெட்ட வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மண் உள்ளே வந்துவிடும். முகப்பில் மண் சற்றே தளரும். இயந்திரத்தின் உறையைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளியில் மண் இறங்கும். பின்னால் பொருத்தும் கான்கிரீட் வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள சந்திலும் இறங்கும். இந்தக் கூடுதலை ‘மண் இழப்பு’ என்பார்கள். நல்ல இயந்திரம், நல்ல மண் என்றால் 1 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ வைத்திருக்கலாம். 1 சதவீதம் என்றாலே ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 0.34 கன மீட்டர் மண் காணாமல் போகிறது. அந்த அளவு பள்ளம் மேலே சாலையில் எங்காவது விழுந்துதான் ஆக வேண்டும்.

அது எப்படி விழும் என்பதை அமெரிக்க மண்ணியல் பொறியாளர் ரால்ஃப் பெக் 1969-இல் மெக்சிகோ மாநாட்டில் முன்வைத்தார். சாலையின் குறுக்காகப் பார்த்தால், கவிழ்த்து வைத்த மணியைப் புரட்டிப் போட்டது போன்ற ஒரு பள்ளம். சுரங்கத்துக்கு நேர் மேலே ஆழம் அதிகம். பக்கங்களில் படிப்படியாகக் குறையும். பள்ளம் எவ்வளவு அகலம் என்பது மண்ணைப் பொறுத்தது. களிமண்ணில் அகலமாகப் பரவும். மணலில் குறுகி, ஆழமாக விழும். நம் எடுத்துக்காட்டில் களிமண் என்றால் நடுவில் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் இறங்கும். அதே இழப்பு மணலில் என்றால் 32 மில்லிமீட்டர்.

தார்ச்சாலைக்கு 20 மில்லிமீட்டர் ஒரு பொருட்டே அல்ல. ஓட்டுநருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் சாலைக்கு அடியில் போகும் குழாய்களுக்கு, எவ்வளவு இறங்கியது என்பதைவிட எவ்வளவு சாய்ந்தது என்பதே முக்கியம். களிமண் பள்ளத்தின் மிகச் சரிவான இடத்தில் சாய்வு சுமார் 590-க்கு ஒன்று. மணலில் 213-க்கு ஒன்று. ஐம்பது அறுபது வருடப் பழைய வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாயின் இணைப்பில் இந்தச் சாய்வு விழுந்தால் இணைப்பு விலகிக் கசியத் தொடங்கலாம். கசிகிற நீர் மணலை அரிக்கும். மில்லிமீட்டர் கணக்கு வெற்றிடக் கணக்காக மாறுவது இப்படியும் நடக்கும். அதனால்தான் சுரங்கம் வருவதற்கு முன்பே எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வயது, அடைப்பதற்கான வால்வு எந்த மூடிக்குக் கீழே இருக்கிறது என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். வால்வைத் தேடுவது விபத்து நடந்த இரவில் செய்யும் வேலை அல்ல.

கட்டடங்களுக்கும் ஒரு வடிகட்டி உண்டு. இறக்கம் 10 மில்லிமீட்டருக்குக் குறைவு, சாய்வு 500-க்கு ஒன்றைவிடக் குறைவு என்றால் மேற்கொண்டு ஆராய வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். அதைத் தாண்டினால் அந்தக் கட்டடத்தை மட்டும் தனியாக எடுத்து, சுவரில் எவ்வளவு இழுவிசை வரும், எத்தனை மில்லிமீட்டர் விரிசல் விழும் என்று பார்ப்பார்கள். இந்த முறை உலகமெங்கும் பழகிப்போன ஒன்று. இதில் தவறு நடப்பது அரிது.

இனி இரண்டாவது வகை.

சென்னை போன்ற ஊர்களில் சுரங்க இயந்திரத்தின் முகப்பு முழுவதும் ஒரே மண்ணாக இருப்பதில்லை. கீழ்ப்பாதி கருங்கல் பாறை, மேல்பாதி மணல் அல்லது மக்கிய பாறை என்று வரும் இடங்கள் உண்டு. இதைக் கலப்பு முகப்பு என்கிறார்கள். ஆபத்தின் வேர் இங்கேதான். பாறை கடினம் என்பதால் இயந்திரம் மெதுவாகத்தான் முன்னேற முடியும். நல்ல மண்ணில் நிமிடத்துக்கு 40 மில்லிமீட்டர் போகிற இயந்திரம் இங்கே 5, 10 என்று ஊரும். வெட்டுத் தலை சுற்றிக்கொண்டே இருக்கும். பாறை கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். மேலே உள்ள மணலோ சுற்றுக்குச் சுற்று உள்ளே சரிந்துகொண்டே இருக்கும். முகப்பில் கொடுக்க வேண்டிய அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் போதும், மணலும் நீரும் சேர்ந்து வந்துவிடும். ஓட்டுநர் அறைத் திரையில் எல்லாம் வழக்கம்போல ஓடுவதாகத் தெரியும். மேலே ஒரு பை உருவாகிக்கொண்டிருக்கும்.

அந்தப் பை உடனே இடிந்து சாலைக்கு வராது. அதன் கூரையிலிருந்து மண் கட்டி கட்டியாகக் கீழே விழும். விழ விழ வெற்றிடம் மேலே ஏறும். சில மணி நேரத்தில் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். அதற்குள் இயந்திரம் நூறு மீட்டர் தாண்டிப் போயிருக்கும். கடைசியில் அது சாலையின் அடிக்கட்டுமானத்தில் வந்து முட்டும். ஜல்லியும் தாரும் சேர்ந்த கெட்டியான அடுக்கு அது. அரை மீட்டர் கனமுள்ள அந்த அடுக்கு வெற்றிடத்தின் மேல் ஒரு பலகை போலப் பாலம் கட்டி நிற்கும். கார் போனால் தாங்கும். ஆள் நிறைந்த பேருந்தின் பின் அச்சு, ஏறக்குறைய 10 டன் சுமையோடு வந்து நின்றால் தாங்காது.

சாலைப் பரப்பில் ஆணி அடித்து அளந்தால் ஏன் போதாது என்பதற்கு விடை இதுதான். ஆணி அந்தப் பலகையில் இருக்கிறது. பலகை உடையும் வரை ஆணி இறங்காது.

அப்படியென்றால் எங்கே பார்ப்பது? முதலில் பார்க்க வேண்டியது சாலையை அல்ல, வெளியே வரும் மண்ணை. மேலே சொன்ன இயந்திரம் 1.4 மீட்டர் முன்னேறினால் ஒரு கான்கிரீட் வளையம் பொருத்தும். அந்த ஒரு வளைய நீளத்தில் வெட்டப்படும் மண் 48 கன மீட்டர். எடையில் சுமார் 96 டன். மண்ணை வெளியே கொண்டுவரும் பட்டையில் எடைமானி இருக்கும். வளையத்துக்கு 96 டன் வர வேண்டிய இடத்தில் 106 டன் வந்தால், அந்த 10 டன் எங்கிருந்தோ வந்திருக்கிறது. 10 டன் என்பது 5 கன மீட்டர். ஏறக்குறைய ஓர் ஆட்டோ நிற்கும் அளவு இடம்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. 1 சதவீத மண் இழப்பு என்பது ஒரு வளையத்துக்கு 1 டன்தான். எடைமானியின் பிழையே அதைவிட அதிகம். மண்ணோடு சேரும் நுரை, நீர் எல்லாம் எடையை மாற்றும். ஆகவே மெதுவான தாழ்வை எடைமானி கண்டுபிடிக்காது. அதற்குச் சாலைப் புள்ளிகள் வேண்டும். பெரிய வெற்றிடத்தைச் சாலைப் புள்ளிகள் கண்டுபிடிக்காது. அதற்கு எடைமானி வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. இதை உணராமல் சாலை மேல் புள்ளிகளை மட்டும் இரண்டு மடங்கு அடித்துவைத்துவிட்டுக் கண்காணிப்பு பலமாக இருக்கிறது என்று நம்புவதுதான் மிகப் பெரிய தவறு.

எடைமானியோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு எண் கலவையின் அளவு. கான்கிரீட் வளையத்தின் வெளிவிட்டம் 6.35 மீட்டர் என்றால், வெட்டிய மண்ணுக்கும் வளையத்துக்கும் நடுவே சுற்றிலும் ஒரு சந்து இருக்கும். அதை நிரப்ப வளையத்துக்குக் குறைந்தது 3.5 கன மீட்டர் சிமென்ட் கலவை போக வேண்டும். நடைமுறையில் அதற்கு மேலேயே போகும். ஒரு வளையத்தில் மண் 10 டன் கூடுதல், கலவையும் 7 கன மீட்டர் உறிஞ்சியிருக்கிறது என்றால், நிரம்பியது கொஞ்சம் என்று ஓரளவு நிம்மதி கொள்ளலாம். மண் கூடுதலாக வந்து கலவை வழக்கமான அளவே போயிருந்தால் அந்த வெற்றிடம் இன்னும் மேலே காலியாக இருக்கிறது என்று பொருள்.

இனி சாலைக்கு வரலாம். கண்காணிப்பு வரிசை என்பது சாலையின் குறுக்கே, சுரங்கத்துக்குச் செங்குத்தாக அமைக்கும் அளவுப் புள்ளிகளின் கோடு. நடுவில் ஒன்று, இருபுறமும் 3 முதல் 5 மீட்டருக்கு ஒன்று, பள்ளம் தொடாத இடம் வரை. நம் களிமண் எடுத்துக்காட்டில் அது நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சுமார் 20 மீட்டர் போகும். இப்படிப்பட்ட முழு வரிசைகளை 25 முதல் 50 மீட்டருக்கு ஒன்று வைத்து, இடையில் நடுக்கோட்டின் மேல் மட்டும் நெருக்கமாகப் புள்ளிகள் வைப்பார்கள். கலப்பு முகப்பு, பழைய கிணறு, வாய்க்கால் மூடிய இடம், பெரிய குடிநீர்க் குழாய் என்று சந்தேகம் இருக்கும் இடங்களில் வரிசைகள் நெருங்க வேண்டும். வரைபடத்தில் சம இடைவெளியில் அழகாக வரைந்த வரிசைகளைப் பார்த்தால், அந்த ஊரின் மண்ணை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்றே எண்ணத் தோன்றும்.

ஒவ்வொரு புள்ளியும் எப்படிப் பதிக்கப்படுகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. தாரில் அடித்த ஆணி போதாது. தாரையும் ஜல்லியையும் துளைத்து, அவற்றைத் தொடாதபடி ஒரு குழாய் இறக்கி, அதற்குள் ஒரு கம்பியை ஒரு மீட்டருக்கும் கீழே உள்ள மண்ணில் ஊன்ற வேண்டும். கம்பியின் தலை சாலை மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு இரும்பு மூடிக்குள் இருக்கும். தார் அசையாமல் இருந்தாலும் கம்பி மண்ணோடு இறங்கும். வெயிலில் தார் உப்பி இரவில் சுருங்கும் அசைவும் கணக்கில் கலக்காது.

முக்கியமான வரிசைகளில் இன்னும் ஆழமாகப் போக வேண்டும். ஒரு துளையை இறக்கி, சுரங்கத்தின் உச்சிக்கு ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் மேலே ஒரு பிடி, நடு ஆழத்தில் ஒன்று, மேலே ஒன்று என்று தனித்தனிக் கம்பிகளைப் பொருத்துவார்கள். எக்ஸ்டென்சோமீட்டர் என்று இதற்குப் பெயர். வெற்றிடம் பிறக்கும் இடத்துக்கு மிக அருகிலிருந்து தகவல் தருவது இது. நிலத்தடி நீரின் அழுத்தத்தைப் பார்க்க பீசோமீட்டர் பக்கத்தில் இருக்கும். இயந்திரம் போகும்போது நீர்மட்டம் திடீரென்று இறங்கினால், நீர் சுரங்கத்துக்குள் போகிறது. நீரோடு மணலும் போகலாம்.

இவை எல்லாவற்றுக்கும் இயந்திரம் வருவதற்குப் பல வாரம் முன்பே அளவெடுக்கத் தொடங்க வேண்டும். மழை, வெயில், போக்குவரத்து என்று சாலை தானாகவே எவ்வளவு அசைகிறது என்று தெரியாவிட்டால், பிறகு வரும் 3 மில்லிமீட்டர் சுரங்கத்தால் வந்ததா, சாலையின் வழக்கமான அசைவா என்று சொல்ல முடியாது. இயந்திரம் வரிசைக்கு 30 மீட்டர் தூரத்தில் வந்ததும் நாளுக்கு இரண்டு முறையாவது அளப்பார்கள். கடந்து 50 மீட்டர் போன பிறகும் அதே வேகம் தொடரும். பின்னர் மெல்ல மெல்லக் குறைத்து, தொடர்ந்து பல வாரம் அசைவில்லை என்று உறுதியான பிறகே நிறுத்துவார்கள்.

ஓர் இரவை நினைத்துப் பார்க்கலாம். இது எடுத்துக்காட்டுக்காகச் சொல்லும் இரவு. ஆனால் இதன் எண்கள் எந்தச் சுரங்க வேலையிலும் வரக்கூடியவை. மணி 2.10. சர்வேயர் தடுப்புக்குள் உட்கார்ந்து இரும்பு மூடியைத் திறக்கிறார். உள்ளே மழைநீர் தேங்கியிருக்கிறது. துணியால் துடைத்துவிட்டுக் கம்பியின் தலையில் அளவுகோலை நிறுத்துகிறார். மேல் புள்ளி 2 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. நேற்று மாலையிலும் 2-தான். பக்கத்தில் எக்ஸ்டென்சோமீட்டர் பெட்டி. நடுப் பிடி 5. ஆழப் பிடி 14. ஆறு மணி நேரத்துக்கு முன் அது 6. அவர் இரண்டாவது முறை அளக்கிறார். அதே எண்.

“சார், ஆழத்துல பதினாலு இறங்கியிருக்கு. மேல ரெண்டுதான் காட்டுது.”

“மறுபடி பார்த்தீங்களா?”

“ரெண்டு தடவை பார்த்துட்டேன் சார். நடுவுல அஞ்சு.”

அனுபவம் குறைந்த பொறியாளர் மேல் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவார். அனுபவமுள்ளவர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பார். ஆழத்தில் 14, மேலே 2 என்றால், நடுவில் 12 மில்லிமீட்டர் எங்கோ பிரிந்திருக்கிறது. மண் அடுக்கு ஒன்றிலிருந்து ஒன்று விலகுகிறது. அவர் அடுத்துக் கேட்பது இயந்திர அறையை. கடைசி ஐந்து வளையத்தில் மண் எடை எவ்வளவு? 97, 98, 104, 107, 99. மூன்றாவதும் நான்காவதும் கூடுதல். கலவை அந்த இரண்டிலும் வழக்கமான அளவே. இப்போது மூன்று சாட்சிகள் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. காலை ஏழு மணிக்கு அந்த இடத்தின் மேல் பேருந்துகள் வரிசை கட்டும். கையில் இருப்பது ஐந்து மணி நேரம்.

இந்த இரவில் என்ன செய்வது என்று அந்த இரவில் யோசிக்கக் கூடாது. அதற்குத்தான் நிலைகள் வைக்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் எதிர்பார்த்த தாழ்வு 20 மில்லிமீட்டர். அதில் 70 சதவீதமான 14-ஐத் தொட்டால் கவன நிலை. 85 சதவீதமான 17-இல் எச்சரிக்கை நிலை. 20-இல் நடவடிக்கை நிலை. விழுக்காடுகள் திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஆனால் மொத்த இறக்கத்துக்கு மட்டும் வரம்பு வைத்தால் அந்த இரவின் 2 மில்லிமீட்டர் எந்த மணியையும் அடிக்காது. வேகத்துக்கும் வரம்பு வேண்டும். ஆழத்துக்கும் மேற்பரப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கும் வேண்டும். மண் எடைக்கும் வேண்டும்: தொடர்ந்து இரண்டு வளையங்களில் இத்தனை டன் கூடினால் இன்னது செய் என்று.

கவன நிலையில் மறுபடி அளந்து, அளக்கும் இடைவெளியைக் குறைத்து, இயந்திரத் தரவோடு ஒப்பிடுவார்கள். எச்சரிக்கை நிலையில் இயந்திரத்தின் ஓட்டமே மாறும்: முகப்பு அழுத்தம் கூடும், கலவை கூடும், முடிவெடுக்கும் பொறியாளர்கள் அதே ஷிஃப்ட்டில் கூடுவார்கள். நடவடிக்கை நிலை என்றாலே இயந்திரத்தை நிறுத்துவது என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அது எப்போதும் சரியல்ல. இளகிய மணலில் நின்றுவிட்ட இயந்திரத்தின் முகப்பு அழுத்தம் மெல்லக் கசிந்து குறையும், சரிவு கூடும். அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொண்டு கெட்டியான மண்ணுள்ள இடம் வரை ஓட்டிப்போய் நிறுத்துவதுதான் பல நேரம் பாதுகாப்பு. எங்கே நிற்கலாம், எங்கே நிற்கவே கூடாது என்பதைச் சுரங்கம் தொடங்கும் முன்பே வரைபடத்தில் குறித்திருக்க வேண்டும்.

சாலைக்கு மேலே செய்வது வேறு. அதற்கு இயந்திரத்தைப் பற்றிய எந்த விவாதமும் முடியக் காத்திருக்கத் தேவையில்லை. சந்தேகப்படும் இடத்தின் மேல் தடுப்பு வைத்து வண்டிகளைத் திருப்ப வேண்டும். பிறகு தாரைத் துளைத்து, கம்பியை இறக்கிப் பார்க்க வேண்டும். கம்பி தடையின்றிக் கீழே போனால் வெற்றிடம் அங்கே இருக்கிறது. அதே துளை வழியாகச் சிமென்ட் கலவையை ஊற்றி நிரப்பலாம். தரையை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் வண்டி இருக்கிறதே என்று கேட்கலாம். தார் அடியில் ஏற்கெனவே வந்து சேர்ந்த வெற்றிடத்தை அது நன்றாகக் காட்டும். ஆனால் ஈரக் களிமண்ணில் அதன் அலை ஒன்றிரண்டு மீட்டருக்குள் செத்துவிடும். 8 மீட்டர் ஆழத்தில் பிறந்துகொண்டிருக்கும் பையை அது காணாது. ரேடார் படம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காகத் தடுப்பை எடுப்பது ஆபத்து.

நடைமுறையில் எல்லாம் தடுமாறும் இடம் இதுதான். அளப்பவர் ஒருவர், இயந்திரத்தை ஓட்டுபவர் இன்னொருவர், சாலையை மூட அதிகாரம் உள்ளவர் மூன்றாமவர். இரவு 2.30-க்குச் சாலையின் ஒரு பகுதியை மூடலாம் என்று சொல்லும் உரிமை பணியிடத்தில் இருக்கும் பொறியாளருக்கே எழுத்தில் கொடுக்கப்பட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தடுப்பு வரும். கொடுக்கப்படவில்லை என்றால் ஒருவர் இன்னொருவருக்கு அழைத்து, அவர் மேலே கேட்டு, விடிந்துவிடும். நடவடிக்கைத் திட்டத்தில் எத்தனை நிறங்கள் தீட்டியிருந்தாலும், சாலையை மூடும் ஆள் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன, தடுப்புகள் எந்த ஓரத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்ற மூன்று வரிகள் இல்லாவிட்டால் அது பயன்படாது.

இதன் இரண்டு முகங்களையும் உலகம் பார்த்திருக்கிறது. 1994 செப்டம்பர் 20 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில், ட்ரூடரிங் பகுதியில் மெட்ரோ சுரங்கம் இடிந்தது. சுரங்கத்தின் மேல் இருந்த கெட்டியான மண் அடுக்கு மெல்லியது. அதற்கு மேலே நீர் நிறைந்த கூழாங்கல் படுகை. நீரும் கல்லும் சுரங்கத்துக்குள் கொட்ட, மேலே சாலை பிளந்து, போய்க்கொண்டிருந்த ஒரு பேருந்து பின்பக்கமாகக் குழிக்குள் சரிந்தது. மூன்று பேர் இறந்தார்கள்.

இருபத்திரண்டு வருடம் கழித்து, 2016 நவம்பர் 8 விடியற்காலையில், ஜப்பானின் ஃபுகுவோக்கா நகரில் ஹக்காட்டா ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பெரிய சாலைக்கு அடியில் ஏறக்குறைய அதே கதை தொடங்கியது. அங்கேயும் சுரங்கத்தின் கூரையாக இருந்தது மக்கிய பாறையின் ஒரு மெல்லிய அடுக்கு; அதற்கு மேலே நீர் சுமந்த மணல். அந்த அடுக்கு எதிர்பார்த்ததைவிடப் பலவீனமாக இருந்தது என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரிந்தது. ஐந்து மணியளவில் முகப்பிலிருந்து மண் உதிர்வதும் நீர் பீறிடுவதும் நிற்காததைக் கண்டு தொழிலாளர்கள் வெளியேறினார்கள். அவர்கள் தங்கள் உயிரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 5.10-க்குச் சாலையில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 5.15-க்குச் சாலை உள்ளே போகத் தொடங்கியது. அடுத்த இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 30 மீட்டர் நீளமும் 27 மீட்டர் அகலமும் 15 மீட்டர் ஆழமுமாக ஒரு பெரும் குழி விரிந்தது. போக்குவரத்து விளக்குக் கம்பங்கள் உள்ளே விழுந்தன. பக்கத்துக் கட்டடங்களின் அடித்தளம் வெளியே தெரிந்தது. ஒருவரும் இறக்கவில்லை.

நடுவே இருந்தது ஐந்து நிமிடம். சுரங்கத்துக்குள் நீர் வருவதைக் கண்ட கண்ணுக்கும் சாலையில் வண்டியை நிறுத்திய கைக்கும் இடையில் யாரும் குறுக்கே நிற்கவில்லை என்பதால்தான் அந்த ஐந்து நிமிடம் கிடைத்தது. அளவுக் கருவிகள் எதுவும் இதைச் செய்யவில்லை. முகப்பில் நின்ற மனிதர்கள் செய்தார்கள்.

ஃபுகுவோக்கா அந்தக் குழியை ஒரே வாரத்தில் மூடி, நவம்பர் 15 அன்று சாலையைத் திறந்தது. குழியில் நீர் தேங்கியிருந்த நிலையிலேயே, சிமென்ட் கலந்த குழைமண்ணை ஊற்றிக் கெட்டிப்படுத்தினார்கள். வேகத்தைக் கண்டு உலகமே வியந்தது. ஆனால் சாலை திறந்த பிறகும் அங்கே அளப்பது நிற்கவில்லை. நவம்பர் 26 அன்று அதிகாலையில், நிரப்பிய இடம் மறுபடி தாழ்ந்தது. அதிகபட்சம் 7 சென்டிமீட்டர். சாலையை உடனே மூடினார்கள். கீழே வெற்றிடம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சில மணி நேரத்தில் விடிவதற்குள் திறந்துவிட்டார்கள். சரிந்த இடத்து மண்ணைக் கெட்டிப்படுத்திய பிறகே அங்கே மறுபடி தோண்டினார்கள். அந்த ரயில் பாதையில் பயணிகள் ஏறியது 2023 மார்ச் 27 அன்று.